இரத்தம் உறைய எத்தனை விநாடி?

இருதயச் சிகிச்சை பெற்றவர் உள்ள இல்லங்களில் பி.டி., ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி. என்னும் எழுத்துகளைக் காணாதோர் இரார். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் சீட்டில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகி வரும். எதிரே சில விநாடிகளும் ஓர் எண்ணும் இருக்கும். இரத்தம் உறையும் நேரம் என்று பொதுவாக அனைவரும் அறிவர். ஆயினும் ஒரே இரத்தத்திற்கு இரண்டு நேரங்கள் ஏன், அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் ஐ.என்.ஆர். என்னும் தனி எண் எதற்கு என்னும் வினாக்களுக்கு விடை கூறுவோர் சிலரே. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், நான் கண்டறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

இரத்தக் குழாய் அறுபட்டதும் இரத்தம் உறைவது ஒரே செயலன்று. உறைகாரணிகள் எனப்படும் பல புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. இறுதியில் பிராத்ரோம்பின் என்பது த்ரோம்பினாகி, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை நூலாகத் திரிக்கிறது. அந்நூல் வலையே உறைகட்டி. இக்காரணிகளுக்கு அறிஞர் எண்களைச் சூட்டியுள்ளனர். ஃபைப்ரினோஜன் முதற்காரணி, பிராத்ரோம்பின் இரண்டாங்காரணி. ஊருக்குள் வரும் இரு தெருக்கள் முச்சந்தியில் கூடி ஒரே வீதியாகச் செல்வதைப்போல், சோதனைக் குழாயில் இவ்வெழுச்சி இரண்டு வழிகளில் தொடங்கிப் பத்தாங்காரணியில் ஒன்றுசேர்கிறது. அங்கிருந்து ஐந்து, இரண்டு, ஒன்று என்னும் காரணிகள் இரு வழிக்கும் பொது. முதல் தெருவில் இருப்பது ஏழாங்காரணி மட்டுமே. மற்றதில் பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது, எட்டு என்னும் நான்கு உள்ளன. முதல் தெருவில் நடந்து பார்ப்பது பி.டி.; இரண்டாவதில் நடந்து பார்ப்பது ஏ.பி.டி.டி.

இதைச் செய்யும் முறை எளிது. நீல மூடியிட்ட குழாயில் சிட்ரேட்டு என்னும் உப்புக் கரைசல் இருக்கும். அது இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இரத்தம் உறையாமல் நிற்கும். குழாயைச் சுழற்றி, அணுக்கள் அடியில் தங்கியபின் மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவை எடுக்கிறோம். அதை உடலின் சூடான 37 பாகையில் வைத்து, திசுச்சாறும் கால்சியமும் கலந்த த்ரோம்போபிளாஸ்டின் என்னும் பொருளைச் சேர்க்கிறோம். நலமுள்ளவரிடம் அது ஏறத்தாழ 11 முதல் 13 விநாடிகளில் உறைந்துவிடும். இதுவே பிராத்ரோம்பின் நேரம், சுருக்கமாகப் பி.டி. அமெரிக்க மருத்துவர் ஆர்மண்ட் குவிக் 1935-இல் இதனை வெளியிட்டார். பெயரில் பிராத்ரோம்பின் மட்டுமே இருந்தபோதிலும், ஏழு, பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று ஆகிய ஐந்தின் நிலையையும் அது காட்டும் என்பது பின்னரே தெளிவாயிற்று. பழம்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஏ.பி.டி.டி.யில் திசுச்சாறு இல்லை. த்ரோம்போபிளாஸ்டினின் கொழுப்புப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் அதன் பெயரில் 'பகுதி' என்னும் பொருள்பட ஒரு சொல் நிற்கிறது. மணல் போன்ற நுண்தூளோ அதற்கு ஈடான வேறு தூண்டுபொருளோ அதனுடன் சேரும். பிளாஸ்மாவை இவற்றோடு சில நிமிடங்கள் வைத்திருந்து, கால்சியம் விட்ட கணத்திலிருந்து விநாடிகளை எண்ணவேண்டும். பெரும்பாலான கூடங்களில் 25 முதல் 35 விநாடிகள் வரை இயல்பான அளவு.

இனி ஐ.என்.ஆர். பற்றிய செய்தி. என் அண்ணிக்கு, இளமையில் வந்த வாதக் காய்ச்சலினால் இருதயத்தின் இடப்புற வால்வு சுருங்கிப்போயிருந்தது. அறுவை செய்து உலோக வால்வு பொருத்தினார்கள். உலோக வால்வின்மீது இரத்தக் கட்டி படிந்தால் வால்வு அசையாது நின்றுவிடலாம். கட்டி உடைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். ஆகவே உறைவைத் தடுக்கும் அசினோகூமரால் மாத்திரையை அவர் வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டியதாயிற்று. வார்ஃபரினும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வைட்டமின் கே-யின் துணையோடு கல்லீரல் செய்யும் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய காரணிகளை இம்மருந்து குறைக்கிறது. இந்நான்கில் மூன்று பி.டி.யின் வழியில் உள்ளன. எனவே மருந்தின் அளவைப் பார்க்கப் பி.டி.யே தகுந்தது.

ஒரு முறை அண்ணி எங்கள் நகரிலுள்ள கூடத்தில் இரத்தம் கொடுத்தார்; பி.டி. 36 விநாடி என்று வந்தது. பத்து நாள் சென்று மகள் வீட்டிற்குப் போன இடத்தில் மற்றொரு கூடத்தில் கொடுத்தார். 24 விநாடி என்று வந்தது. அவர் அஞ்சிப்போய் என்னை அழைத்துக் கேட்டார்: "தம்பி, பன்னிரண்டு விநாடி குறைந்துவிட்டதே! இரத்தம் கெட்டியாகிவிட்டதோ? இன்றிரவு மாத்திரையை ஒன்றரையாகப் போட்டுக்கொள்ளட்டுமா?"

"பொறுங்கள் அண்ணி. விநாடியை விட்டுவிட்டு, அதன்கீழே ஐ.என்.ஆர். என்று என்ன போட்டிருக்கிறதென்று சொல்லுங்கள்," என்றேன்.

"மூன்று. அதுவும் மூன்றுதான், இதுவும் மூன்றுதான்."

மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. எங்ஙனம் என்று கணக்கிட்டுக் காட்டுகிறேன். முதற்கூடத்தில் நலமுள்ளோரின் சராசரி நேரம் 12 விநாடி. அண்ணியின் 36-ஐ அதனால் வகுத்தால் விகிதம் 3. இரண்டாங்கூடத்தில் சராசரி 13. அவருடைய 24-ஐ வகுத்தால் விகிதம் ஏறத்தாழ 1.85. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் இரத்தமன்று. இரு கூடங்களும் வாங்கும் த்ரோம்போபிளாஸ்டின். முயலின் மூளையிலிருந்து செய்த பழைய வகை பல, காரணிகளின் குறைவை மந்தமாகவே உணரும். இன்று மனிதத் திசுக்காரணியை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிச் செய்யும் வகை கூர்மையாக உணரும். ஒவ்வொரு தொகுதியும் எவ்வளவு கூர்மையானது என்பதை உலகப் பொது அளவுப் பொருளோடு ஒப்பிட்டு, அதற்கோர் எண் தரப்படும். அதை ஐ.எஸ்.ஐ. என்பர். பொதுப் பொருளின் எண் 1. எண் கூடக்கூட மந்தம் மிகுதி. விகிதத்தை அந்த எண்ணின் அடுக்கிற்கு உயர்த்தினால் கிடைப்பதே ஐ.என்.ஆர். முதற்கூடத்தின் பொருளுக்கு அவ்வெண் 1 ஆதலால், 3 என்பது 3 ஆகவே நின்றது. இரண்டாங்கூடத்தின் பொருளுக்கு எண் 1.8, 1.85-ஐ 1.8 அடுக்கிற்கு உயர்த்தினால் ஏறத்தாழ 3 வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையை 1983-இல் ஏற்றுக்கொண்டது. அதற்குமுன், ஓர் ஊரில் சரியான அளவாகக் கருதப்பட்ட விநாடியை வேறோர் ஊரில் எட்டும்படி மருந்தைக் கூட்டி, இரத்தப்போக்கினால் துன்புற்றோர் பலர்.

இதில் வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய வரையறை ஒன்று உண்டு. ஐ.என்.ஆர். என்பது இம்மாத்திரைகளை நிலையாக உட்கொள்வோருக்கென்றே வகுக்கப்பட்ட அளவு. ஈரல் நோயாளியிடமும் அவ்வெண் கூடும். ஆயினும் அவர் இரத்தம் எவ்வளவு எளிதில் ஒழுகும் என்பதை அது சொல்லிவிடாது. ஏனெனில், உறைவைத் தூண்டும் காரணிகளோடு உறைவைத் தடுக்கும் புரதங்களையும் அந்த ஈரலே செய்கிறது. இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. அபிக்ஸபான் முதலிய புதிய மருந்துகளை உண்போருக்கும் ஐ.என்.ஆர். வழிகாட்டியன்று, மருந்து முழுதாக வேலை செய்யும்போதும் எண் இயல்பாகவே இருக்கக்கூடும். உலோக வால்வு உள்ளோருக்கு அப்புதிய மருந்துகள் பொருந்தா என்பதால், அண்ணியைப் போன்றோர் பழைய மாத்திரையோடும் ஐ.என்.ஆரோடும் இருக்கவேண்டியவர்களே. அவருடைய வால்விற்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையே எண் நிற்கவேண்டும். கீரையை அறவே விலக்கவேண்டும் என்று சிலர் அவரிடம் கூறினராம். நான் அதை ஏற்கவில்லை. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே மிகுதிதான். ஆனால் வாரந்தோறும் ஒரே அளவாக உண்டால் மாத்திரை அளவும் அதற்கேற்ப அமைந்துவிடும். ஒரு மாதம் விலக்கி, மறுமாதம் நாள்தோறும் உண்பதே எண்ணை அலைக்கழிக்கும்.

அறுவை முடிந்த நாள்களில் நிகழ்ந்த ஒன்றும் இங்குச் சொல்லத்தக்கது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். 2.1 ஆயிற்று. அப்போதும் நரம்பின் வழியே ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடை மருந்து ஏறிக்கொண்டிருந்தது. எண்தான் வந்துவிட்டதே, ஊசியை எடுத்துவிடலாகாதா என்று அண்ணன் வினவினார். மருத்துவர் இணங்கவில்லை, அவர் செய்ததே சரி. மாத்திரை புதிய காரணிகள் உருவாவதைத் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே இரத்தத்தில் உள்ளவற்றை அழிக்காது. அவை தாமாகத் தேய்ந்து மறையவேண்டும். ஏழாங்காரணி சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பிராத்ரோம்பின் பாதியாவதற்கோ இரண்டரை நாளுக்கு மேல் செல்லும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள்களில் பி.டி. நீள்வது பெரும்பாலும் ஏழாங்காரணி ஒன்று வற்றியதால்தான். கட்டி உண்டாவதைத் தடுப்பதற்கோ பிராத்ரோம்பின் குறையவேண்டும். அது இன்னும் நிறைந்தே இருக்கிறது. எனவே இரு மருந்தும் சேர்ந்து ஐந்து நாளேனும் செல்லவேண்டும். எண்ணும் இரண்டிற்குமேல் ஒரு முழுநாள் நிலைத்திருக்கவேண்டும். அதன்பின்னரே ஊசியை நிறுத்துவர்.

அந்நாள்களில் ஹெப்பாரினின் அளவை ஏ.பி.டி.டி. கொண்டு பார்த்தனர். நலமுள்ளோரின் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை அது நீளவேண்டும் என்பது வழக்கமான இலக்கு. ஹெப்பாரின் த்ரோம்பினையும் பத்தாங்காரணியையும் அடக்குவதால், முறைப்படி பி.டி.யும் நீளத்தானே வேண்டும் என்று கூர்ந்து படிப்போர் கேட்கலாம். பி.டி. செய்யும் பொருளிலேயே ஓரளவு ஹெப்பாரினைச் செயலற்றதாக்கும் மருந்தைச் சேர்த்திருப்பார்கள். ஆதலால் இரு மருந்தும் உடலில் இருக்கையில், பி.டி. மாத்திரையைப் பற்றியும், ஏ.பி.டி.டி. ஊசியைப் பற்றியும் பெரும்பாலும் கலப்பின்றிச் செய்தி தருகின்றன. தோலின்கீழ் போடும் குறைந்த எடை ஹெப்பாரின் வேறு. அது ஏ.பி.டி.டி.யைச் சிறிதே அசைக்கும். அவ்வூசி போட்டுக்கொள்வோரின் சீட்டில் அந்த எண் இயல்பாக இருந்தால், மருந்து பலிக்கவில்லை என்று கொள்ளலாகாது.

இதுவரை மருந்தினால் நீண்ட நேரங்களைப் பார்த்தோம். மருந்தே உண்ணாத ஒருவரிடம் ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டு நின்றால்? ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொண்டைச் சதை அறுப்பதற்குமுன் இரத்தம் எங்களிடம் வந்தது. பி.டி. 12.5 விநாடி, குறையொன்றுமில்லை. ஏ.பி.டி.டி. 78 விநாடி.

இத்தகைய எண்ணைக் கண்டதும் நோயை நினைக்குமுன் குழாயை நினைக்கவேண்டும். ஒன்பது பங்கு இரத்தத்திற்கு ஒரு பங்கு சிட்ரேட்டு என்பது அளவு. அழுகின்ற பிள்ளையிடம் பாதிக் குழாய் மட்டும் இரத்தம் எடுத்தால், சிட்ரேட்டு மிஞ்சிப்போய், நாம் பின்னர் விடும் கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு நேரத்தைப் பொய்யாக நீட்டும். ஹெப்பாரினால் கழுவிய நரம்புக் குழலிலிருந்து எடுத்தாலும் அவ்வாறே. இச்சிறுவனின் குழாயில் இரத்தம் கோடு வரை நிறைந்திருந்தது; கையில் நேராகக் குத்தி எடுத்ததே. ஆயினும் மற்றக் கையிலிருந்து புதிதாக எடுத்துப் பார்த்தோம். 76 விநாடி.

அடுத்த படி கலவைச் சோதனை. சிறுவனின் பிளாஸ்மாவும் நலமுள்ளோரின் பிளாஸ்மாவும் சம அளவு கலந்து மீண்டும் நேரம் பார்ப்பது. ஏதேனும் காரணி குறைவாயிருந்தால், மற்றவரிடமிருந்து வரும் பாதியே போதும். நேரம் இயல்பிற்குத் திரும்பும். குறைவன்றிக் காரணியை எதிர்க்கும் பொருள் ஒன்று இரத்தத்தில் இருந்தால், அது வந்த பிளாஸ்மாவையும் கெடுத்து, நேரம் நீண்டே நிற்கும். இவ்வெதிர்ப்பொருள்களுள் சில குழாயில் உறைவைத் தாமதப்படுத்தி, உடலிலோ கட்டியை உண்டாக்கும் விந்தையும் உண்டு. சிறுவனின் கலவை 33 விநாடியில் உறைந்தது. சிலவகை எதிர்ப்பொருள் மெல்லவே வேலை செய்யுமாதலால், இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்தும் பார்த்தோம். அப்போதும் நேரம் நீளவில்லை. ஆகவே காரணிக் குறைவே.

பி.டி. இயல்பானதால், பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று ஆகிய பொதுவீதிக் காரணிகளில் குறையில்லை. எஞ்சியவை எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. இவற்றுள் பன்னிரண்டாங்காரணியைப் பற்றி ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜான் ஹேஜ்மன் என்னும் இருப்புப்பாதைத் தொழிலாளியின் இரத்தம் குழாயில் உறையவே நெடுநேரமாயிற்று. அவருக்கோ இரத்தப்போக்கு வரலாறே இல்லை. ஆஸ்கர் ராட்னாஃப் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத காரணி ஒன்று அவரிடம் இல்லை என்பதை 1955-இல் வெளியிட்டார். அதுவே பன்னிரண்டாங்காரணி. ஹேஜ்மன் 1968-இல் இறந்தார். இறப்பிற்குக் காரணம் இரத்தம் ஒழுகியதன்று, நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தது. மணல்தூளைக் கொண்டு தொடங்கும் வழி ஆய்வுக்கூடத்தின் வழியேயன்றி, காயம்பட்ட உடல் நடக்கும் வழியன்று என்பதை இது காட்டிற்று.

அப்படியானால், பி.டி. இயல்பாக இருந்தும் எட்டாங்காரணி இல்லாதவர் ஏன் ஒழுகுகிறார்? காயத்தில் உறைவைத் தொடங்குவது திசுச்சாறும் ஏழாங்காரணியுமே. ஆனால் அங்கே சாறு சிறிதளவே கசிகிறது. அதனால் உண்டாகும் த்ரோம்பினும் துளியே. அத்துளியைப் பெருக்கித் தருவது எட்டும் ஒன்பதும். பி.டி. சோதனையிலோ நாம் சாற்றை மிதமிஞ்சி ஊற்றுகிறோம். பெருக்குவார் தேவையின்றியே பத்தாங்காரணி முழுதும் விழித்துக்கொள்கிறது. எட்டு இல்லாத குறை அந்த வெள்ளத்தில் மறைந்துபோகிறது. இக்குறையைக் காட்டுவதற்கு ஏ.பி.டி.டி. தேவைப்படுவது இதனால்தான்.

அடுத்துக் காரணிகளைத் தனித்தனியே அளந்தோம். ஒன்பது இயல்பு. ஒன்பதின் குறை 'கிறிஸ்துமஸ் நோய்' எனப்படும். திருவிழாவிற்கும் அதற்கும் தொடர்பில்லை. 1952-இல் அக்குறை கண்டறியப்பட்ட சிறுவனின் குடும்பப் பெயர் கிறிஸ்துமஸ். எட்டாங்காரணி நலமுள்ளோரைப்போல் நூற்றுக்கு 4 பங்கே இருந்தது. ஹீமோஃபிலியா, நடுத்தர வகை. தொண்டைச் சதையை அன்றே அறுத்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. அவனுக்கு வேறு சிராய்ப்புகள் இயல்பாகவே ஆறின என்று தாய் கூறினார். பின்னர்த் தயங்கி, "என் தம்பி ஒருவன், பல் பிடுங்கியபின் இரத்தம் நிற்காமலே போய்விட்டான் ஐயா. அப்போது யாரும் இதைச் சொல்லவில்லையே," என்றார்.

அறுவை தள்ளிவைக்கப்பட்டு, எட்டாங்காரணி மருந்தோடு செய்யப்பட்டது. உடல் எடையில் ஒரு கிலோவிற்கு ஓர் அலகு கொடுத்தால் இரத்தத்தில் நூற்றுக்கு 2 பங்கு கூடும். சிறுவனின் எடை 24 கிலோ. 4-இலிருந்து 100-க்கு உயர்த்த 48 அலகு வீதம் ஏறத்தாழ 1150 அலகு. அது பன்னிரண்டு மணி நேரத்திற்குள் பாதியாகக் கரைந்துவிடுமாதலால், புண் ஆறும்வரை மீண்டும் மீண்டும் கொடுத்தனர். தமிழகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இம்மருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது.

தாயின் இரத்தத்தையும் பார்த்தோம். ஏ.பி.டி.டி. 34 விநாடி, இயல்பு. அவருக்கு இக்குறை இல்லை என்று அதனால் சொல்லிவிட இயலாது. இக்காரணிக்குரிய மரபுக்கூறு இரண்டில் ஒன்று பழுதுற்றால், மற்றொன்று ஏறத்தாழப் பாதியளவு செய்துவிடும். பாதியளவு இருந்தாலே ஏ.பி.டி.டி. இயல்பாகிவிடும் என்பதைத்தான் கலவைச் சோதனையில் கண்டோம். சிறுவனின் தங்கைக்கு ஐந்து வயது. அவள் தாயாகும் நாளில் இக்குறையைத் தன் மகனுக்குத் தருவாளா என்பதை விநாடிகள் சொல்லா. மரபணுச் சோதனையே சொல்லும். அதற்கான முகவரியை ஒரு சீட்டில் எழுதித் தாயிடம் கொடுத்தோம்.